போனில் கதைக்கும்போது அடுத்த கேள்வியைத் தேடாதீர்கள்

கேள்வி: கலியாணம் பேசி, பருத்தித்துறைப் பிள்ளை ஒருவரோடு இப்போது போனில் கதைக்கிறேன். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்து என்ன கேட்கலாம் என்றுதான் மனம் ஓடுகிறது. பிறகு இருவரும் பேசாமல் இருக்கிறோம். என்ன செய்யலாம்?
- கொக்குவில் வாசகர்

பதில்: எல்லோருக்கும் மனம் அப்படித்தான் ஓடும். ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி என்று பல மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே கேட்டுக்கொண்டே பதிலைத் தயார்செய்வது இயல்பு. ஆனால் அவர் சொல்லாத ஏதோவொன்றுக்கு நீங்கள் தயாராகும்போதுதான் பேச்சு அறுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். அவர் ஆசிரியை என்று வைத்துக்கொள்ளுங்கள். "கிளிநொச்சிக்கு இடமாற்றம் வந்திட்டுது, காலமை அஞ்சு மணிக்கே வெளிக்கிடவேணும்" என்கிறார். "ஓ, அப்பிடியே. உங்களுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்று கேட்டால் கதை அங்கேயே முடிந்தது. "வலயத்தில எனக்கு ஆளைத் தெரியும், மாத்தி எடுக்கலாம்" என்பது அதைவிட மோசம். எங்கள் ஊர் ஆண்களுக்கு இது கைவந்த கலை!

அவருடைய பேச்சுக்குள் இருக்கும் உணர்வை ஊகித்து, உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள்: "அவ்வளவு வெள்ளன வெளிக்கிடுறது சரியான களைப்பாயிருக்கும், என்ன?" இதில் நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, யோசிக்கவும் நேரம் கிடைக்கும். ஊகம் பிழைத்தாலும் நல்லதுதான். "களைப்பு இல்லை, அம்மாவைத் தனிய விட்டிட்டுப் போறதுதான் யோசனை" என்று அவரே திருத்துவார். உண்மையான விஷயம் அப்போதுதான் வெளியே வரும். அடுத்த கேள்வியும் அதிலேயே இருக்கிறது: "பகலில அம்மாவோட ஆர் நிக்கினம்?"

2017இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வொன்றில், இப்படிச் சொன்னதையே தொட்டுத் தொடர்ந்து கேட்டவர்களைத்தான் எதிரில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது. முதற்சந்திப்புகளிலும் அதே கதைதான். "ஏன்?" என்று தொடங்கும் கேள்விகளை மட்டும் ஆரம்பத்தில் தள்ளிவையுங்கள். "ஏன் மாத்தினவை?" என்பது விசாரணை மாதிரிக் கேட்கும். "எப்பிடி இருந்தது?", "பிறகு?" போதும்.

அவருடைய சொற்களையே கிளிப்பிள்ளை போல் ஒப்புவித்தால் உடனே எரிச்சல் வரும். இரண்டு தொடர்கேள்விக்குப் பிறகு உங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது நேர்முகப்பரீட்சை ஆகிவிடும். பதில் நீண்டுகொண்டு போனால் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். "ஓம்", "ம்ம்" என்று சுருங்கினால் அந்த விஷயத்தை விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் பல நாள் கதைத்த பிறகு அவர் உங்களிடம் ஒன்றுமே திருப்பிக் கேட்கவில்லையென்றால், அவருக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமா என்று நேரடியாக, மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.