பேட்டரியோடு சோலாரா, பேட்டரி இல்லாமலா?

கேள்வி: எங்கள் வீட்டில் மாதம் 300 யூனிட் செலவாகிறது. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் மின்வெட்டு. பகலில் ஒரு மணி நேரம் போகும், மீதி இரவில். ஒருவர் 3 கிலோவாட் ஆன்-கிரிட் போதும், பேட்டரி வீண் செலவு என்கிறார். இன்னொருவர் பேட்டரியோடு ஆஃப்-கிரிட் போட்டால் கரண்ட் பில்லே வராது என்கிறார். கடன் வாங்கித்தான் போட வேண்டும். எதற்குப் பணம் போடலாம்?

பதில்: உங்களுக்கு இரண்டு தேவைகள் இருக்கின்றன: பில் குறைய வேண்டும், மின்வெட்டில் விளக்கும் விசிறியும் ஓட வேண்டும். முதலாவதைப் பேனல் தீர்க்கும், இரண்டாவதைப் பேட்டரி தீர்க்கும். இரண்டையும் ஒரே தொகையில் போட்டுக் கொடுக்கும்போதுதான் கணக்கு குழம்புகிறது. தனித்தனியாகப் பார்ப்போம். கட்டணமும் விலையும் இடத்துக்கு இடம் மாறுவதால் எல்லாவற்றையும் யூனிட்டிலேயே சொல்கிறேன். விலைப்புள்ளியில் உள்ள தொகையை நீங்கள் இப்போது ஒரு யூனிட்டுக்குக் கட்டும் கட்டணத்தால் வகுத்தால், அந்தப் பணத்துக்கு எத்தனை யூனிட் வாங்கலாம் என்று தெரிந்துவிடும். பயன்பாடு கூடக் கூடக் கட்டணம் ஏறும் முறை உங்களுக்கு இருந்தால், உச்சப் படியின் கட்டணத்தால் வகுங்கள். சோலார் முதலில் குறைப்பது அந்தப் படியைத்தான்.

முதலில் ஆன்-கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் அமைப்பு. கரண்ட் போன நொடியே இந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. இது பழுதில்லை. லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுபவர் மீது உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைக்கிறார்கள். கரண்ட் திரும்பிய பிறகும், லைன் நிலையாக இருக்கிறதா என்று சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் மறுபடி சேரும். ஆகவே பகல் மின்வெட்டில் உங்களுக்கு இரட்டை நட்டம்: கரண்டும் இல்லை, உற்பத்தியும் இல்லை. நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டுக்கு 12. பகலில் போகும் அந்த ஒரு மணி நேரம் நடுப்பகலில் வந்தால் சுமார் 2 யூனிட் போய்விடும். மிச்சம் 10. உங்கள் தேவையும் நாளுக்கு 10தான்.

ஆனால் அந்த 10 யூனிட்டும் உங்களுக்கு முழு விலை பெறுமா என்பது மீட்டர் விதியைப் பொறுத்தது. லைனுக்கு அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு ஈடாக ஒரு யூனிட் கழிக்கும் நெட் மீட்டர் முறை என்றால், ஆண்டுக்கு 3,650 யூனிட் மிச்சம். 3 கிலோவாட் அமைப்பின் விலை 24,000 யூனிட்டுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், வட்டி சேர்க்காமல் ஆறரை ஆண்டில் போட்ட பணம் திரும்பும்.

அனுப்பும் யூனிட்டுக்குக் குறைந்த விலை தரும் முறை என்றால் கதை வேறு. பகலில் நீங்கள் நேரடியாகப் பயன்படுத்துவது 4 யூனிட், லைனுக்குப் போவது 6, அதற்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு விலை என்று கொள்ளுங்கள். அப்போது நாளுக்கு 6 யூனிட்டின் மதிப்புதான் கையில் வரும், பணம் திரும்ப 11 ஆண்டு ஆகும். இந்த இடத்தில் அளவைக் குறைத்துப் பார்ப்பது நல்லது. 2 கிலோவாட் போட்டால் செலவு 17,000 யூனிட் அளவுக்கு வரும். மீட்டரும் ஒயரிங்கும் கூலியும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் செலவு சரியாக மூன்றில் இரண்டு பங்காகக் குறையாது. வரவு நாளுக்கு சுமார் நாலரை யூனிட் மதிப்பு, திரும்ப 10 ஆண்டுக்குச் சற்று மேல். பெரிய வித்தியாசம் இல்லை போலத் தோன்றும். மூன்றாவது கிலோவாட்டை மட்டும் பிரித்துப் பாருங்கள்: கூடுதலாகப் போடும் 7,000 யூனிட் பணம் திரும்பக் கிட்டத்தட்ட 13 ஆண்டு ஆகிறது. கடன் வாங்கிப் போடும் பணத்துக்கு அது நீண்ட காலம். அதனால் விற்பவரிடம் பேசுவதற்கு முன் மின் அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: அனுப்பும் யூனிட்டுக்கு என்ன கணக்கு?

இனி ஆஃப்-கிரிட், அதாவது லைனை நம்பாமல் பேனலிலும் பேட்டரியிலுமே ஓடும் அமைப்பு. பில்லே வராது என்பது உண்மையாக வேண்டுமானால், மேகமூட்டமான நாட்களையும் அது தாங்க வேண்டும். அடர்ந்த மேகம் இருந்தால் உற்பத்தி கால் பங்குக்கும் கீழே போகும். இரண்டு நாள் தாங்க 20 யூனிட் சேமிப்பு வேண்டும், இன்வெர்ட்டரில் வீணாவதைச் சேர்த்தால் 22. ஈய-அமில பேட்டரியை வழக்கமாகப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் சட்டென்று குறையும், ஆகவே 44 யூனிட் கொள்ளளவு தேவை. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று 1.8 யூனிட். அப்படியானால் 24 பேட்டரி! நான்கு நான்காகத் தொடராக இணைத்து, ஆறு வரிசைகளைப் பக்க இணைப்பில் போட வேண்டும். அத்தனை வரிசை இருந்தால் மின்னோட்டம் சமமாகப் பிரியாது. ஒரு வரிசை அதிகம் உழைத்து முதலில் சாகும், மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 சதவீதம் வரை இறக்கலாம், 28 யூனிட் போதும். ஆனாலும் விலையில் பேட்டரிதான் பெரும்பங்கு.

உங்களுக்குக் கொடுத்த ஆஃப்-கிரிட் விலைப்புள்ளியில் 24 பேட்டரி இருக்காது என்று நினைக்கிறேன். பெரும்பாலும் 8 எழுதியிருப்பார்கள். அதில் பத்திரமாக எடுக்கக்கூடியது ஆறரை யூனிட், ஒரு இரவுக்குச் சரி. அடுத்த நாள் மேகம் வந்தால் மாலையில் பேட்டரி காலி, பிறகு லைனிலிருந்துதான் ஏற்ற வேண்டும். அப்போது அது பெரிய வீட்டு யுபிஎஸ்தானே தவிர ஆஃப்-கிரிட் இல்லை. இன்னொரு நட்டமும் உண்டு. பேட்டரி நிறைந்த பிறகு பேனல் தரும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை, கன்ட்ரோலர் அதைக் குறைத்துவிடும். வெளியூர் போன நாட்களில் உற்பத்தி முழுக்க வீண். ஆன்-கிரிட்டில் அந்த யூனிட்டுகள் கணக்கில் ஏறும். பேனல் 25 ஆண்டு உழைக்கும். ஈய-அமில பேட்டரி நன்றாகப் பராமரித்தாலும் ஐந்தாறு ஆண்டு என்று வைத்தால், அதற்குள் மூன்று நான்கு முறை முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டிவரும். லைன் இழுத்து வருவதே பெரும் செலவாகும் தோட்ட வீட்டுக்கு இது சரி. வாசலில் லைன் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் மின்வெட்டுக்கு என்ன செய்வது? மூன்று மணி நேரம் எவை ஓடினால் போதும் என்று எழுதுங்கள். 50 வாட் விசிறி மூன்று, 10 வாட் விளக்கு ஆறு, இணைய ரவுட்டர் 15 வாட், டிவி 75, விட்டு விட்டு ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்குச் சராசரி 60. மொத்தம் 360 வாட். மூன்று மணி நேரத்துக்கு 1.1 யூனிட், இழப்பைச் சேர்த்தால் 1.2. லித்தியம் என்றால் ஒன்றரை யூனிட் பேட்டரி சரியாக இருக்கும், தேய்மானத்துக்கு இடம் விட்டு 2 யூனிட் வாங்கலாம். ஆஃப்-கிரிட்டுக்குச் சொன்ன 28 எங்கே, இந்த 2 எங்கே? மோட்டாரையும் ஏசியையும் இதில் சேர்க்காதீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதற்காக மட்டுமே இன்வெர்ட்டரைப் பெரிதாக வாங்க நேரிடும்.

இந்தப் பேட்டரியை லாபக் கணக்கில் வைக்காதீர்கள். நாளுக்கு 1.2 யூனிட் வீதம் 10 ஆண்டு கொடுத்தாலும் மொத்தம் 4,400 யூனிட்தான். பேட்டரி விலையை அதால் வகுத்தால், சேமித்த ஒரு யூனிட்டின் அடக்கவிலை வரும். மின்வெட்டு பாதியாகக் குறைந்தால் அந்த விலை இரண்டு மடங்காகும், ஏனென்றால் பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரிக்கு வயதாகும். இது காப்பீட்டுப் பிரீமியம் போல: இருட்டில் உட்காராமல் இருக்க நீங்கள் தரும் விலை. எவ்வளவு தரலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே யுபிஎஸ் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு ஆன்-கிரிட்டைத் தனியாகப் போடுவதே மிகக் குறைந்த செலவு. ஒரே ஒரு எச்சரிக்கை: கரண்ட் போனாலும் சோலார் ஓடட்டும் என்று, ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை யுபிஎஸ்ஸின் வெளியீட்டுப் பக்கம் இணைத்துத் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உபரி மின்சாரம் பின்னால் பாய்ந்து யுபிஎஸ்ஸையோ பேட்டரியையோ கெடுக்கும். ஜெனரேட்டருக்கும் இதே விதி.

யுபிஎஸ் இல்லை என்றால், லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரை யோசிக்கலாம். பகல் மின்வெட்டிலும் பேனல் ஓடி, அவசியச் சுமைக்கும் பேட்டரிக்கும் கொடுக்கும். ஆனால் இழந்துகொண்டிருந்த 2 யூனிட்டும் மீளாது. அந்த நேரத்தில் வீடும் பேட்டரியும் வாங்குவது அதிகம் போனால் 1 யூனிட். ஆண்டுக்கு 365 யூனிட். ஹைபிரிட்டுக்கான கூடுதல் விலையை இதால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹைபிரிட் போட்டால் அவசியச் சுற்றுகளுக்குத் தனி எம்சிபி பெட்டி வேண்டும், அவற்றின் நியூட்ரலும் தனியாக வர வேண்டும். பழைய வீடுகளில் இரண்டு சுற்றுக்கு ஒரே நியூட்ரல் ஓடும். அதைப் பிரிக்காமல் விட்டால் கசிவு மின் பாதுகாப்புச் சுவிட்ச் காரணம் தெரியாமல் அடிக்கடி விழும். பிரிக்கும் கூலி விலைப்புள்ளியில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், வழக்கமாக விட்டுப்போவது அதுதான்.

கடனைப் பற்றி. பேனலுக்குக் கடன் வாங்கலாம், தவணை மாத மிச்சத்தைத் தாண்டாமல் இருந்தால். பேட்டரியை அதே நீண்ட காலக் கடனில் சேர்க்காதீர்கள். ஐந்தாம் ஆண்டில் பழைய பேட்டரிக்குத் தவணை கட்டிக்கொண்டே புதியது வாங்க நேரலாம். அதைக் கையிருப்பிலிருந்து வாங்குங்கள். முடியாவிட்டால், உத்தரவாதக் காலத்துக்குள் முடியும் சிறு கடனாக எடுங்கள். உத்தரவாதத்தில் ஆண்டோடு மொத்த யூனிட் வரம்பும் எழுதியிருப்பார்கள், எது முதலில் வருகிறதோ அதோடு முடியும்.

கடைசித் தவணையை அமைத்துத் தருபவருக்குக் கொடுக்கும் முன், நடுப்பகலில் மெயின் சுவிட்சை நிறுத்திப் பாருங்கள். ஆன்-கிரிட் என்றால் இன்வெர்ட்டர் உடனே நிற்க வேண்டும், மறுபடி போட்டால் சில நிமிடத்தில் தானே சேர வேண்டும். ஹைபிரிட் என்றால், எழுதிக்கொடுத்த அத்தனை சுமையையும் ஓடவிட்டு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.