10 வருடமா, 12 வருடமா? செயற்கை நுண்ணறிவு அடுத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கும் விதம்

கேள்வி: எங்கள் மாமனாரின் காணியில் உறவினர் ஒருவர் வெகுகாலமாகக் குடியிருக்கிறார். "ஒரு காணியை எத்தனை வருடம் ஆண்டால் சொந்தமாகும்?" என்று கைத்தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். ஒரு நாள் 10 வருடம் என்றது. மறுநாள் அதே கேள்விக்கு 12 வருடம் என்று சொல்லி, சட்டத்தின் பெயரையும் தந்தது. எதை நம்புவது? புதுக்கடையில் ஆவணம் எழுதிக் கொடுக்கும் ஒருவர், எப்போதும் ஒரே பதில் தரும் சட்ட ஏ.ஐ. தன்னிடம் இருப்பதாகச் சொல்லி 15,000 ரூபா கேட்கிறார். வாங்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாங்காதீர்கள். இலங்கைச் சட்டத்தில் உள்ளது 10 வருடம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், 3ஆம் பிரிவு. 12 வருடம் என்பது இந்தியாவில் தனியார் நிலத்துக்கு 1963ஆம் ஆண்டின் சட்டம் வைத்திருக்கும் கணக்கு. இரண்டுமே உண்மையான சட்டங்கள். உங்களுக்குப் பொருந்துவது ஒன்றுதான். அந்த 10 வருடமும் உரிமையாளருக்கு எதிராக ஆண்டதாக இருக்க வேண்டும். உறவினர் அனுமதியோடு இருந்தாரா, வாடகை கொடுத்தாரா என்பதையெல்லாம் சட்டத்தரணிதான் பார்க்க வேண்டும். நான் கணினித் துறையைச் சேர்ந்தவன். ஒரே கேள்விக்கு இரண்டு பதில் ஏன் வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் கேள்வியை அனுப்பியதும் அந்த இயந்திரம் எந்தச் சட்டப் புத்தகத்தையும் திறப்பதில்லை. அதற்குள் வாக்கியங்களாக எதுவும் அடுக்கி வைக்கப்படவும் இல்லை. இருப்பவை எண்கள். 2020இல் வெளிவந்த ஜி.பி.டி-3 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியில் அப்படி 17,500 கோடி எண்கள் இருந்தன. பயிற்சியின்போது மனிதர்கள் எழுதிய ஏராளமான எழுத்தை அதற்குக் கொடுத்து, ஒவ்வோர் இடத்திலும் அடுத்து வரும் சொல்லை மறைத்து, என்ன வரும் என்று ஊகிக்க வைக்கிறார்கள். ஊகம் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியதோ அதற்கேற்ப அந்த எண்கள் சற்றே திருத்தப்படுகின்றன. இது எண்ணிமாளாத தடவை நடக்கிறது. முடிவில் கிடைப்பது, எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் அதற்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கும் ஒரு பெரிய கணக்கு. சொல் என்று நான் எளிமைக்காகச் சொல்கிறேன். உண்மையில் அது சொல்லின் துண்டுகளோடு வேலை செய்கிறது. தமிழ்ச் சொல் பெரும்பாலும் பல துண்டுகளாக உடைகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். பதில் "தொடர்ச்சியாக" என்ற சொல் வரை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஓர் எண் வர வேண்டும். இயந்திரம் தனக்குத் தெரிந்த எல்லாத் துண்டுகளுக்கும் ஒவ்வொரு புள்ளி போடுகிறது. விளக்கத்துக்காக நானே மூன்று புள்ளிகளைத் தருகிறேன்: "10"க்கு 5.0, "12"க்கு 4.6, "30"க்கு 2.5. கடைசியாகச் சொன்ன 30 எங்கிருந்து வருகிறது என்றால், இந்தியாவில் அரசு நிலத்துக்கு 30 வருடக் கணக்கு உண்டு. அதைப் பற்றியும் தமிழில் எழுதியிருக்கிறார்கள். இந்தப் புள்ளிகள் பிறகு நூற்றுவீதமாக மாற்றப்படுகின்றன. புள்ளியில் சிறிய இடைவெளி, வீதத்தில் பெரிதாக விரியும்படி அந்தக் கணக்கு அமைந்திருக்கிறது. நம் மூன்றும் ஏறத்தாழ 57, 38, 5 என்று வரும்.

அடுத்த படியில்தான் உங்கள் குழப்பம் பிறந்தது. இயந்திரம் எப்போதும் முதலிடத்தில் உள்ளதை எடுப்பதில்லை. 57 சீட்டில் "10" என்றும், 38 சீட்டில் "12" என்றும், 5 சீட்டில் "30" என்றும் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுப்பதுபோல எடுக்கிறது. ஒரு நாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று. எப்போதும் முதல் சொல்லையே எடுத்தால் எழுத்து வறண்டு, சொன்னதையே திரும்பச் சொல்லத் தொடங்கும் என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள். கடிதம் எழுத இது நல்லது. காணி வழக்குக்கு ஆபத்து.

இந்தக் குலுக்கலின் தாராளத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஓர் அமைப்பு உண்டு. துறையில் அதை வெப்பநிலை என்பார்கள். அதைப் பாதியாகக் குறைத்தால் மேலே உள்ள 57 வீதம் 69 ஆகும், 38 வீதம் 31 ஆகும், 30 வருடம் ஏறக்குறைய மறைந்துவிடும். பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் முதலிடத்தில் உள்ளதே மறுபடி மறுபடி வரும். புதுக்கடைக்காரர் விற்கும் "ஒரே பதில்" பெரும்பாலும் இதுதான். இதைத் தயவுசெய்து ஊன்றிக் கவனியுங்கள். புள்ளிகள் இடம் மாறி, "12"க்கு 5.0, "10"க்கு 4.6 என்று இருந்திருந்தால்? அப்போது அந்த ஏ.ஐ. நூறு தடவை கேட்டாலும் நூறு தடவையும் 12 என்றே சொல்லும். பதில் மாறாதது வேறு, பதில் சரியாக இருப்பது வேறு. மாறாத பிழை மாறும் பிழையைவிடக் கெடுதலானது. இரண்டு பதில் வந்ததால்தான் நீங்கள் சந்தேகப்பட்டு எனக்கு எழுதினீர்கள். இந்த வித்தியாசம் தெரியாத மக்களிடம் 15,000 ரூபா வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. கொழும்பில் இப்போது விசா விண்ணப்பம், உறுதி மொழிபெயர்ப்பு, வேலைக் கடிதம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒருவர் முளைத்திருக்கிறார். யாரிடமும் பணம் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்த ஆவணத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறது, அந்தப் பக்கத்தை எனக்குக் காட்ட முடியுமா?" காட்ட முடியாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டத்தின் பெயரையும் சொன்னதே என்று நீங்கள் நினைப்பீர்கள். அதற்கும் காரணம் இந்தச் சொல் சொல்லாகப் போகும் முறைதான். ஒரு துண்டு வெளிவந்ததும் அது கேள்வியோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த துண்டு முழுவதையும் பார்த்துக் கணிக்கப்படுகிறது. எழுதியதை அழிக்க வழியில்லை. குலுக்கலில் "12" வந்துவிட்டால், அதன் பிறகு மிகப் பொருத்தமாக வருவது இந்தியச் சட்டத்தின் பெயர்தான். அது அந்த 12ஐச் சரிபார்த்துச் சொன்ன சான்று அல்ல, 12ஐத் தொடர்ந்து வந்த சொற்கள். "பிரிவு" என்று எழுதியபின் ஓர் எண் வர வேண்டும் என்பது அதற்கு உறுதியாகத் தெரியும்; எந்த எண் என்பதில்தான் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஆகவே இல்லாத பிரிவும் இருக்கும் பிரிவைப் போலவே நிமிர்ந்து நிற்கும். 2023இல் நியூயோர்க்கில் சட்டத்தரணிகள் இப்படி வந்த ஆறு பொய்யான தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து 5,000 டொலர் தண்டம் கட்டினார்கள். "நிச்சயமாகவா?" என்று திருப்பிக் கேட்பதும் பயன் தராது. அந்தக் கேள்விக்குப் பின் "மன்னிக்கவும்" என்ற சொல்லுக்குப் புள்ளி ஏறும். சரியான பதிலைக்கூட அது மாற்றிக்கொள்ளக்கூடும்.

பதில் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சுற்றியுள்ள சொற்களைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பட்டா, தாசில்தார், சென்ட் என்று வந்தால் அது தமிழ்நாட்டு எழுத்தின் தடத்தில் போகிறது. உறுதி, நொத்தாரிசு, பேர்ச், பிரதேச செயலாளர், கட்டளைச் சட்டம் என்று வந்தால் நம் பக்கம் நிற்கிறது. உங்கள் கேள்வியில் நாட்டின் பெயரே இல்லை. "இலங்கையில்" என்று சேர்த்திருந்தால் புள்ளிகள் வெகுவாக மாறியிருக்கும். ஒரு சொல்லைக் கணிக்கும்போது முன்னால் உள்ள எந்தச் சொல்லை எவ்வளவு கவனிப்பது என்று எடை போடும் முறை 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட வடிவமைப்பில் மையமாக இருந்தது. இன்றைய மாதிரிகள் பெரும்பாலும் அதன்மேல்தான் நிற்கின்றன. கேள்வியில் "இலங்கை" இருந்தால் எடை அதன்மேல் விழும். இல்லாவிட்டால் தமிழில் எங்கே அதிகம் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கம் சாயும்.

ஏன் நம் பக்கம் எழுத்துக் குறைவு என்றால் எனக்குக் கோபம் வருகிறது. சனத்தொகை ஒரு காரணம், அதை மாற்ற முடியாது. ஆனால் தமிழ் அரச கரும மொழியாக உள்ள நாட்டில், தமிழ்ச் சுற்றறிக்கைகளும் படிவங்களும் இன்னும் புகைப்படமாக வருடி இணையத்தில் போடப்படுகின்றன. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது தமிழில் பிழை மலிந்த வேலை. வேறு பல, யூனிகோட் இல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரியும். பிரதி எடுத்து ஒட்டினால் "தமிழ்" என்ற சொல் இப்படி வந்து விழும்:

```
jkpo;
```

பயிற்சிக்காக எழுத்துச் சேகரிக்கும் கணினிக்கு இது தமிழே அல்ல. ஒரு திணைக்களம் நினைத்தால் இவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரலாம், மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. செய்ய ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் புதுக்கடைக்காரர் கடை விரிக்கிறார்.

நான் இதுவரை சொன்னதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சட்டத்தின் வாசகத்தையே கேள்வியோடு சேர்த்து ஒட்டினால் நிலைமை பெரிதும் மாறும். அப்போது இயந்திரத்தின் முன்னால், கணிக்க வேண்டிய இடத்துக்கு மேலேயே, பத்து வருடம் என்ற வார்த்தை நிற்கிறது. எடை அங்கே போகிறது; "10"இன் புள்ளி மற்றவற்றைத் தாண்டி உயர்கிறது. ஆங்கிலப் பிரதியை ஒட்டித் தமிழில் கேட்டாலும் பரவாயில்லை, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒட்டுவது சரியான பிரிவாக இருக்க வேண்டும். நீண்ட ஆவணம் முழுவதையும் ஒட்டினால் நடுவில் உள்ளது கவனத்திலிருந்து நழுவக்கூடும். 3ஆம் பிரிவை மட்டும் ஒட்டுங்கள். ஒட்டியபின் கண்ணால் பாருங்கள், மேலே காட்டியது போன்ற ஆங்கில எழுத்துக் குவியலாக இருந்தால் அதை அழித்துவிட்டு வேறு பிரதி தேடுங்கள். இணையத்தில் தேடிப் பதில் தரும் வகைகளும் இந்த விலக்கில் அடங்கும். அங்கே ஒட்டுகிற வேலையை இயந்திரமே செய்கிறது, அது எடுத்து ஒட்டியது சென்னை வக்கீல் ஒருவரின் பக்கமாக இருந்தால் மறுபடியும் 12தான். அது காட்டும் இணைப்பைத் திறந்து, எந்த நாட்டுப் பக்கம் என்று பாருங்கள்.

வாசகத்தை ஒட்டினாலும், அது சொல்லக்கூடியது சட்டத்தில் எழுதியிருப்பதை மட்டும்தான். உறவினர் எந்த வருடம் வந்தார், மாமனார் அவரை இருக்கச் சொன்னாரா, சோலைவரிப் பற்றுச்சீட்டு யார் பெயரில் இருக்கிறது, மாமனாரின் சகோதரர்களுக்கும் பங்கு உண்டா என்பவை அதன் முன்னால் இல்லை. உறுதியையும் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு காணி வழக்குப் பார்க்கும் சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள், 10 வருடம் முடிந்துவிட்டதா என்பதை முதலில் கேளுங்கள்.