சர்வேயர் குறைத்துப் போட்டுவிட்டார், இரண்டாவது சர்வே கேட்கலாமா? கேள்வி பதில்

தீ, வெள்ளம், இயந்திர சேதம் என்று இருபத்திரண்டு வருடம் சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு க்ளெய்ம் சர்வேயராக ஊர் ஊராகச் சுற்றியவன் நான். இப்போது ஓய்வு. கார் க்ளெய்ம் கொஞ்சம் தெரியும். மருத்துவக் காப்பீட்டை என்னிடம் கேட்காதீர்கள். கேள்விக்குப் போவதற்கு முன் ஒன்று: மறுமதிப்பீடு கேட்கிற எண்ணம் இருந்தால் சேதமான சரக்கில் ஒரு துண்டைக்கூட அப்புறப்படுத்தாதீர்கள்.

ரெடிமேட் கடைக்காரர், சென்னை: போன மாத மழையில் கடைக்குள் மூன்றடி தண்ணீர். நான் கேட்டது 13,50,000. சர்வேயர் போட்டது 6,75,000. வேறு சர்வேயரை அனுப்பச் சொல்லி இமெயில் போட்டேன், பதிலே இல்லை. பாலிசி பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, ஸ்டாக்குக்கு 30 லட்சம்.

"வேறு ஆளை அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. அதில் பதில் சொல்வதற்கு எதுவும் இல்லை. எந்த எண் தப்பு, ஏன் தப்பு, அதற்கு என்ன காகிதம் என்று எழுதினால் க்ளெய்ம் அதிகாரி அதை சர்வேயருக்கு அனுப்பி விளக்கம் கேட்பார். பெரும்பாலும் அதே சர்வேயர்தான் இன்னொரு முறை பார்த்து, கூடுதல் அறிக்கை ஒன்று கொடுப்பார். மறுமதிப்பீடு என்பது நடைமுறையில் இதுதான்.

முதலில் சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது உங்களுக்கு உரியது. பிறகு கணக்குத் தாளை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

அதே கடைக்காரர்: ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆரம்ப ஸ்டாக் 14 லட்சம், கொள்முதல் 26 லட்சம், விற்பனை 30 லட்சம், லாபம் 20 சதவீதம் என்று போட்டு, கடையில் இருந்த ஸ்டாக் 16 லட்சம் என்கிறார். நனையாதது 7 லட்சம். சால்வேஜ் 25 சதவீதம்.

இந்த மாதிரி விவரத்தோடு கேட்டால் நாள் முழுக்க பதில் சொல்வேன்.

கடையில் அன்று என்ன இருந்தது என்று யாரும் எண்ணி வைத்திருக்க முடியாது. அதனால் மார்ச் 31 ஸ்டாக்கோடு கொள்முதலைக் கூட்டி, விற்ற சரக்கின் அடக்க விலையைக் கழிக்கிறோம். 30 லட்சம் விற்பனையில் 20 சதவீதம் லாபம் என்றால் அடக்கம் 24 லட்சம். 14 + 26 − 24, அதாவது 16. அவர் கணக்கு கணக்காகச் சரிதான். கேட்க வேண்டியது, அந்த 20 எங்கிருந்து வந்தது என்பது. போன வருட ஆடிட்டர் கணக்கில் உங்கள் மொத்த லாபம் எவ்வளவு? இன்னொன்று, வெள்ளத்துக்கு முந்தைய வாரத்தில் சரக்கு வந்து, பில் பின்னால் ஏறியதா?

அதே கடைக்காரர்: ஆடிட்டர் கணக்கில் 25 சதவீதம். சூரத்திலிருந்து 2 லட்சத்துக்கு ஒரு லோடு வெள்ளத்துக்கு மூன்று நாள் முன்பு இறங்கியது. பில் ஐந்து நாள் கழித்துத்தான் கணக்கில் ஏறியது.

இரண்டும் கிடைத்துவிட்டது. 25 சதவீதம் என்றால் அடக்கம் 22,50,000. கொள்முதல் 28 லட்சம். 14 + 28 − 22.5, ஆக ஸ்டாக் 19,50,000. நனையாத 7 லட்சம் போனால் சேதம் 12,50,000. அவர் எடுத்தது 9 லட்சம். லோடு இறங்கிய தேதிக்கு லாரி ரசீதும் இ-வே பில்லும் வையுங்கள். லாபத்துக்கு ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கை வையுங்கள். வாய்ச்சொல் எதையும் எழுத வேண்டாம்.

அடுத்தது சால்வேஜ். நனைந்த துணி விற்றால் என்ன கிடைக்கும் என்று அவர் ஊகித்த எண்தான் 25. சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய காட்டன் சட்டைக்கும், பாலித்தீன் கவருக்குள் கொஞ்சம் ஈரம் பட்ட பாலியஸ்டர் சட்டைக்கும் ஒரே விலை கிடைக்காது. கவரைப் பிரித்தால் காலரில் சேற்றுக் கோடு இருக்கும், மடிப்புக்குள் கறுப்புப் புள்ளி வந்திருக்கும். பழந்துணி வியாபாரிகள் மூன்று பேரைக் கூட்டி வந்து எழுத்தில் விலை வாங்குங்கள். சர்வேயரையும் அன்று வரச் சொல்லிக் கேளுங்கள். இதற்காகத்தான் சரக்கைத் தொடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

கடிதத்தை சர்வேயருக்கு நகல் வைத்து, கம்பெனியின் க்ளெய்ம் பிரிவுக்கு அனுப்புங்கள். சர்வேயரோடு மட்டும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தால் கம்பெனி கோப்பில் ஒரு வரிகூட ஏறாது.

பெயர் வேண்டாம்: எனக்கும் குறைவாகத்தான் போட்டார்கள். இரண்டாவது சர்வே எப்படிக் கேட்பது?

மேலே படிக்கவும்.

ஏஜென்ட், மதுரை: ஐயா, தவறாகச் சொல்கிறீர்கள். எழுத்தில் கேட்டால் இரண்டாவது சர்வேயரைப் போட்டே ஆக வேண்டும். பாலிசிதாரர் உரிமை அது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கிறது.

எந்தத் தீர்ப்பை நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. 2009-ல் வந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கு. அதில் கோர்ட் சொன்னது கம்பெனிக்கு: முதல் சர்வேயர் அறிக்கை பிடிக்கவில்லை என்பதற்காக, காரணம் சொல்லாமல் ஒருவர் மாற்றி ஒருவராக சர்வேயர் போட்டுக்கொண்டே போகக் கூடாது. பாலிசிதாரர் கேட்டால் தந்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. அதே வருடம் பிரதீப் குமார் வழக்கில், சர்வேயர் அறிக்கை இறுதி வார்த்தை இல்லை என்றும் சொன்னார்கள். உங்களுக்கு உதவுவது இந்த இரண்டாவதுதான். அதையும் தாண்டி, சர்வேயர் போட்ட தொகையிலிருந்து மாறுபட்டுத் தர கம்பெனிக்கே 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 64UM பிரிவில் அதிகாரம் இருக்கிறது. "சர்வேயர் போட்டதுதான், எங்கள் கையில் இல்லை" என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

ஏஜென்ட், மதுரை: அப்படியானால் நேரே நுகர்வோர் கோர்ட்டுக்கே போகலாமே. சர்வேயர் கம்பெனி ஆள், கம்பெனி காசு வாங்குகிறவர். அவரிடமே போய் ஏன் நிற்க வேண்டும்?

ஃபீஸ் கம்பெனி கொடுக்கிறது, உண்மை. அதனால் எல்லோரும் வெட்டுகிறார்கள் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பார்த்த குறைப்புகளில் பாதிக்கு மேல் வெறும் அவசரம். ஒரே வாரத்தில் முப்பது கடை பார்க்கிறவன் பழைய லாப விகிதத்தை எடுத்துப் போட்டுவிட்டுப் போவான். நானும் போட்டிருக்கிறேன். கோர்ட் பற்றி: 2021-ல் கத்தேமா ஃபைபர்ஸ் வழக்கில் வேறு மாதிரி சொன்னார்கள். சர்வேயர் தன் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தால், அவர் எண்ணைத் தூக்கிவிட்டுத் தன் எண்ணைப் போடுவது நுகர்வோர் மன்றத்தின் வேலை இல்லை என்று. அங்கே நிற்க வேண்டுமானாலும், குறையைச் சுட்டிக்காட்டி நீங்கள் முன்பே எழுதிய கடிதம் வேண்டும்.

முன்னாள் க்ளெய்ம் அதிகாரி: உள்ளே இருந்தவள் சொல்கிறேன். காகிதம் இல்லாமல் சண்டை போடுகிற கோப்பு மேசையில் கிடக்கும். எண்ணோடு வருகிற கடிதம் அன்றே சர்வேயருக்குப் போய்விடும். ஆனால் அவசரம் மட்டும்தான் காரணம் என்று சார் சொல்வதை நான் முழுக்க ஏற்கவில்லை.

சரி அம்மா, அது உங்கள் அனுபவம். விட்டுவிடுகிறேன்.

பெயர் வேண்டாம்: எங்கள் பட்டா நிலத்தை சர்வேயர் மூன்று சென்ட் குறைத்து அளந்துவிட்டார். மறு சர்வே கேட்க முடியுமா?

நீங்கள் தேடுவது நில அளவையரை. தாலுகா அலுவலகத்தில் மனு கொடுங்கள். நான் அந்த சர்வேயர் இல்லை.

பிரிண்டிங் பிரஸ், சிவகாசி: அந்த ரெடிமேட் கடை மாதிரியே நானும் ஸ்டாக்கை உயர்த்திக் கேட்கப் போகிறேன். என் பாலிசி 15 லட்சத்துக்குத்தான்.

நில்லுங்கள். கடையில் 19,50,000 இருந்தது என்று நீங்களே நிரூபித்தால், 15 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தீர்கள் என்பதையும் சேர்த்தே நிரூபிக்கிறீர்கள். அந்தக் கடையின் அதே கணக்கு உங்களுடையது என்று வையுங்கள். சர்வேயர் போட்ட 16 லட்சத்தில் குறைவு 6 சதவீதம் சொச்சம். சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை குறைகாப்பீட்டைக் கண்டுகொள்ள மாட்டார்கள். 19,50,000 என்றால் குறைவு 23 சதவீதம். அப்போது, சால்வேஜ் 20 சதவீதம் என்று வைத்தால் கிடைக்க வேண்டிய 10 லட்சம், 15-க்கு 19.5 என்ற விகிதத்தில் 7,69,000 ஆகச் சுருங்கும். சால்வேஜை மட்டும் 20-க்கு இறக்கி, ஸ்டாக்கைத் தொடாமல் விட்டிருந்தால் 7,20,000. அரை லட்சத்துக்காக மூன்று மாதம் அலைவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு முன் உங்கள் பாலிசி எந்த வகை என்று பாருங்கள். எல்லாவற்றிலும் இந்த 15 சதவீதச் சலுகை கிடையாது.

கார்க்காரர்: பம்பர் மாற்றினேன், பாதிக் காசுதான் கொடுத்தார்கள். மறு சர்வே கேட்கலாமா?

பம்பர் பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத ஸீரோ டெப் எடுத்திருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் அது சர்வேயர் தவறு இல்லை.

பெயர் வேண்டாம்: சேதமான மெஷினைக் காயலான் கடையில் போட்டுவிட்டேன். இப்போது மறு சர்வே?

எதைப் பார்க்க வருவார்? போட்டோவும் எடை ரசீதும் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் கஷ்டம். முதல் பத்தியில் எழுதியதை யாராவது படிக்கிறீர்களா?

டீக்கடை, காயல்பட்டினம்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். இப்போது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனிடம் போகலாமா?

கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, அவர்கள் பதில் சொல்லி ஒரு வருடத்துக்குள் போயிருக்க வேண்டும். நுகர்வோர் மன்றம் என்றால் இரண்டு வருடம். தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தால் மன்றம் மன்னிக்கலாம். நம்பி இருக்காதீர்கள். புது க்ளெய்ம் உள்ளவர்களுக்கு: ஆம்பட்ஸ்மனுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். தனி உரிமையாளர் கடையும் குறு நிறுவனமும் போகலாம். 50 லட்சம் வரை.

ரெடிமேட் கடைக்காரர், சென்னை: ஐயா, கூடுதல் அறிக்கை வந்தது. 25 சதவீத லாபத்தையும் சூரத் லோடையும் ஏற்றுக்கொண்டார். சால்வேஜ் 15 கேட்டேன், 20-க்குத்தான் வந்தார். 10 லட்சம், அதில் எக்சஸ் என்று நானே ஏற்க வேண்டிய பங்கைக் கழிப்பார்களாம். "முழுமையாகத் தீர்ந்தது" என்று வவுச்சரில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

12,50,000-ல் 20 சதவீதம் 2,50,000 போக 10 லட்சம், கணக்குச் சரி. அந்த 5 சதவீதத்தில் இருப்பது 62,500. வியாபாரிகள் எழுதிய விலை உண்மையிலேயே 15-ஐச் சுற்றித்தான் இருந்தால், "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிப் பணத்தை வாங்குங்கள். அதே நாளில் இமெயிலும் போடுங்கள். வவுச்சரைக் காட்டி பாலிசிதாரர் வாயை அடைக்கக் கூடாது என்று 2015-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏ கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

முன்னாள் க்ளெய்ம் அதிகாரி: ஆட்சேபம் எழுதினால் காசை நிறுத்தி வைத்து மறுபடி மேலே அனுப்பிய கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன். 62,500-க்கு நானாக இருந்தால் வாங்கிவிட்டுப் போவேன்.

நான் எழுதித்தான் வாங்குவேன். இதில் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகாது. கடைக்காரரே, கடைக்குச் சரக்கு வாங்க அவசரமா இல்லையா என்று பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். வியாபாரிகளின் விலைக் கடிதங்களை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

பெயர் வேண்டாம்: இரண்டாவது சர்வே கேட்க மாதிரிக் கடிதம் இருந்தால் போடவும்.

மாதிரிக் கடிதம் கிடையாது. உங்கள் ரிப்போர்ட்டின் எண்கள் என்னிடம் இல்லை.