நைட் 9.30 அலாரமும் காலைல வேன் ஹாரனும்

மேடம், எனக்கு 34 வயசு, கோயம்புத்தூர்ல ஒரு பேங்க்ல வேலை பார்க்கிறேன். ஹஸ்பண்டுக்கு திருப்பூர்ல வேலை, காலைல 7 மணிக்கே கிளம்பிடுவார், திரும்பி வர நைட் எட்டரை ஆகிடும். பையன் மூணாவது, பொண்ணு யுகேஜி, மாமியார் கூடவே இருக்காங்க ஆனா முட்டி வலி, அதிகம் நடக்க மாட்டாங்க. வேன் 7.50க்கு வந்துடும். அதுக்கு முன்னாடி இருக்கிற அரை மணி நேரம்தான் எனக்கு நரகம். சாக்ஸ் ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்காது, டைரில கையெழுத்து போடலன்னு ஷூ போட்டதுக்கப்புறம்தான் பையன் சொல்லுவான், வேன்காரர் ஹாரன் அடிச்சுட்டே இருப்பார். முதல் நாளே எடுத்து வைக்கணும்னு ஃபோன்ல நைட் 9.30க்கு அலாரம் வச்சேன். கொஞ்ச நாள் செஞ்சேன், இப்ப அது அடிச்சா ஆஃப் பண்ணிட்டு வேற வேலை பார்க்கிறேன், அப்புறம் ஞாபகமே வர்றதில்ல. போன வாரம் கோவத்துல பையன் முதுகுல ஒண்ணு வச்சுட்டேன், அவன் அழுதுட்டே வேன்ல ஏறினான், அன்னைக்கு பூரா ஆபீஸ்ல மனசு சரியில்ல. அவர்கிட்ட சொன்னா "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்"ங்கறார். எனக்கு மறதி ஏதாவது ஆரம்பிக்குதா மேடம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

9.30க்கு அந்த அலாரம் அடிக்கும்போது உங்க கை எங்க இருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலும் சிங்க்ல பாத்திரத்துல இருக்கும், இல்ல மாவு அள்ளி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு இருப்பீங்க, இல்ல பொண்ணத் தூங்க வைக்கத் தட்டிக் குடுத்துட்டு இருப்பீங்க. அந்த நேரத்துல ஃபோன் கத்தினா முதல்ல சத்தத்தை நிறுத்தத்தான் தோணும், "இதோ இத முடிச்சுட்டு செய்யலாம்"னு நினைப்பீங்க, அந்த "முடிச்சுட்டு"க்கு அப்புறம் ஞாபகப்படுத்த ஒண்ணுமே இருக்காது. இப்படி ஒரு மாசம் ஆனா விரலே பழகிடும், எழுதியிருக்கறதைப் படிக்காமலே தள்ளி விட்டுடும். நீங்க எழுதியிருக்கறத வச்சுப் பார்த்தா இது மறதி நோய் மாதிரி தெரியல, அலாரம் தப்பான நேரத்துல அடிக்குது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியதைச் சரியான நேரத்துல ஞாபகம் வச்சு செய்யறதுக்குன்னே நம்ம மூளைக்கு ஒரு தனி வேலை இருக்கு. அதுல "ஒன்பதரைக்கு செய்யணும்"னு மணியைப் பிடிச்சுக்கறது கஷ்டம், "இது நடந்ததும் அத செய்யணும்"னு ஒரு காரியத்தோட கோத்து வச்சா சுலபம். பீட்டர் கோல்விட்சர்னு ஜெர்மனில பிறந்த ஒரு உளவியல் பேராசிரியர் 1999ல இதப் பத்தி எழுதின கட்டுரை எங்க துறைல ரொம்ப பிரபலம், "செய்யணும்"னு பொதுவா முடிவு பண்றவங்களை விட "இப்படி ஆனா இத செய்வேன்"னு இடமும் நேரமும் சேர்த்து முடிவு பண்றவங்கதான் அதிகம் செஞ்சு முடிக்கறாங்கன்னு அதுல விளக்கியிருப்பார்.

உங்க வீட்ல அந்த "இப்படி ஆனா" என்னன்னு பார்க்கலாம். எனக்குத் தோணறது டிபன் பாக்ஸ். சாயங்காலம் நீங்க வந்ததும் கழுவறதுக்காக எப்படியும் ரெண்டு ஸ்கூல் பேகையும் திறந்து பாக்ஸை வெளிய எடுக்கணும், பேக் ஏற்கனவே திறந்துதானே இருக்கு. டிபன் பாக்ஸ் சிங்க்குக்குப் போனா டைரி டைனிங் டேபிளுக்கு வரணும், இதுதான் ரூல். கையெழுத்து, சர்குலர், "நாளைக்கு சார்ட் பேப்பர் கொண்டு வரவும்" எல்லாம் ஏழு மணிக்குள்ள உங்க கண்ணுல பட்டுடும். இதுல இன்னொரு லாபம் இருக்கு, ஏழு மணிக்கு ஸ்டேஷனரி கடை திறந்திருக்கும். ஒன்பதரைக்கு சார்ட் இல்லன்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க, டென்ஷன்தான் மிச்சம். அதே மாதிரி யூனிஃபார்ம் ஈரமா இருக்கா, அயர்ன் பண்ணணுமான்னு ஏழு மணிக்குத் தெரிஞ்சா ஃபேன்ல போடலாம், மழைக்காலத்துல இது ரொம்ப முக்கியம். (ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல நைட் பத்து மணிக்கு "டுமாரோ எல்லோ டிரஸ்"னு போடற கொடுமைக்கு என்கிட்ட மருந்து இல்ல. அன்னைக்கு இருக்கற மஞ்சள்ல ஏதோ ஒண்ணு போட்டு அனுப்புங்க, போதும்.)

அப்ப அலாரமே வேண்டாமான்னு கேட்டா, வேணும், ஆனா துணைக்கு மட்டும். அத சாயங்காலம் 7.15க்கு மாத்துங்க, டோனையும் மாத்துங்க, பழைய டோன் கேட்டா விரல் பழையபடிதான் போகும். ஞாயிறுல இருந்து வியாழன் வரைக்கும் மட்டும் அடிக்கற மாதிரி வைங்க, சனிக்கிழமை ஸ்கூல் இருக்கற வாரம் வெள்ளிக்கும் ஒண்ணு. "நாளைக்கு ரெடி பண்ணு"ங்கறது ஒரு வேலையே இல்ல, அதுக்குள்ள பத்து வேலை ஒளிஞ்சிருக்கு, அதான் படிச்சதும் மனசு தள்ளிப் போடுது. எந்த ஃபோன்லயும் அலாரத்துக்குப் பேர் வைக்கலாம், ஒவ்வொரு நாளைக்கும் தனித்தனியாவும் வைக்கலாம். புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம்னா செவ்வாய்க்கிழமை அலாரத்துல "வெள்ளை செட் ரெண்டு, வெள்ளை ஷூ காஞ்சிருக்கா"ன்னு இருக்கட்டும். அது அடிக்கும்போது கை வேலையா இருந்தா ஆஃப் பண்ணாதீங்க, ஸ்னூஸ் போடுங்க. பேகும் துணியும் வாசல் பக்கத்துல போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம்தான் ஆஃப்.

துணின்னு சொல்றப்ப சட்டையும் பாவாடையும் மட்டும் எடுத்து வச்சுட்டு முடிஞ்சுதுன்னு நினைக்கறவங்க நிறைய பேர், காலைல தொலையறது எப்பவும் சின்னச் சாமான்தான். பனியன், ஜட்டி, சாக்ஸ் ஜோடி, பெல்ட், டை, ஐடி கார்டு, பொண்ணுக்கு ரிப்பன், கர்சீஃப், எல்லாத்தையும் ஒரே ஹேங்கர்ல மாட்டுங்க, சின்னதையெல்லாம் ஒரு துணிப்பைல போட்டு அதே ஹேங்கர்ல தொங்க விடுங்க. சாக்ஸ் ரெண்டும் சேர்த்து உருட்டி ஷூக்குள்ளயே போயிடணும். பொண்ணுக்கு "எந்த ரிப்பன் வேணும்"னு காலைல கேட்காதீங்க, நைட்டே ரெண்டு க்ளிப்பைக் காட்டி ஒண்ண எடுக்கச் சொல்லுங்க, அந்த வயசுல அவளுக்கு ஒரு முடிவு அவளோடதா இருந்தா போதும். அப்புறம் உங்க ஹேண்ட்பேக், வண்டிச் சாவி, ஹெல்மெட், ஆபீஸ் ஐடி, இதெல்லாம் லிஸ்ட்ல எங்கயுமே இல்லையே? அதுவும் அதே இடத்துக்கு வரணும். தண்ணி பாட்டிலும் லன்ச்சும் எப்படியும் காலை வேலைதான், அத நைட் லிஸ்ட்ல சேர்த்துக் குழப்பிக்காதீங்க.

இப்ப கொஞ்சம் சிக்கலான விஷயத்துக்கு வர்றேன். "சொல்லு செய்யறேன்"னு அவர் நல்ல மனசோடதான் சொல்றார், ஆனா அப்படி இருக்கற வரைக்கும் ஞாபகம் வச்சுக்கற வேலை உங்க தலைலதான் இருக்கும், செய்யற வேலை மட்டும்தான் அவருக்குப் போகும். பாதிச் சுமை அந்த ஞாபகத்துலதான் இருக்கு. அதனால உதவி கேட்காதீங்க, ஒரு பகுதியை மொத்தமா குடுத்துடுங்க. அவர் எட்டரைக்கு வர்றார்னா ஷூ, சாக்ஸ், ஹேங்கர், இந்த மூணும் அவர் பொறுப்பு, பாலிஷ் போடறதுல இருந்து மறுநாள் எந்த யூனிஃபார்ம்னு பார்க்கறது வரைக்கும். நீங்க திருப்பிப் போய் சரி பார்க்கக் கூடாது. ஒரு நாள் கருப்பு ஷூக்குப் பதிலா வெள்ளை ஷூ போயிடும்தான், போகட்டும், டைரில ஒரு ரிமார்க் வரும், அதுக்கு அவரே கையெழுத்து போடட்டும்.

பையனுக்கு எட்டு வயசு, டைம்டேபிள் பார்த்து புக் அடுக்கறது அவனால முடியும். டைம்டேபிளை பெருசா எழுதி அவன் பேக் வைக்கற சுவத்துல ஒட்டுங்க. நீங்க பேகுக்குள்ள கை விடாம "நாளைக்கு முதல் பீரியட் என்னடா, அது உள்ள இருக்கா"ன்னு ஒவ்வொண்ணா கேளுங்க, அவன் எடுத்து வைக்கட்டும். ஆரம்பத்துல நோட்டு விட்டுப் போகும், கிளாஸ்ல டீச்சர் கேட்பாங்க, அத நீங்க தாங்கிக்கணும். மாமியாருக்கு முட்டி வலின்னாலும் உட்கார்ந்த இடத்துல பேத்தியோட துணிப்பைய சரி பார்க்க முடியும், அவங்களுக்கும் ஒரு வேலை கிடைச்ச மாதிரி இருக்கும்.

இது வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, ஃப்ரிட்ஜ்ல ஒரு பேப்பர் ஒட்டி, காலைல எதையெல்லாம் தேடினீங்களோ அத மட்டும் எழுதுங்க. வாரக் கடைசில பாருங்க, ஒரே சாமான் திரும்பத் திரும்ப வந்திருந்தா அதுக்கு இடம் சரியில்ல, அந்த இடத்தை மாத்துங்க, அலாரத்தைக் கூட்டாதீங்க. தேட ஒண்ணுமே இல்லாமயும் சத்தம் குறையலன்னா தூக்கத்தைப் பாருங்க. அஞ்சு வயசுக்கு 10ல இருந்து 13 மணி நேரம், ஆறு வயசுக்கு மேல 9ல இருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும்னு தூக்க மருத்துவர்கள் சொல்றாங்க, பத்தரைக்குப் படுத்து ஆறே காலுக்கு எழுப்பினா எந்தப் பேக் ரெடியா இருந்தும் பிள்ளை சிணுங்கத்தான் செய்யும். ஸ்கூல் நாள்ல மட்டும் வயித்து வலி, ஞாயித்துக்கிழமை ஒண்ணுமே இல்லன்னா அது வேற விஷயம், ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு மெதுவா பேசிப் பார்க்கணும்.

அடிச்சதுக்கு பையன்கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லலன்னா இன்னைக்கே சொல்லிடுங்க. "அம்மா கோவத்துல அடிச்சுட்டேன், அது தப்பு", அவ்வளவு போதும், "நீ டைரி காட்டியிருந்தா"ன்னு பின்னாடி சேர்க்காதீங்க. உங்களுக்கு அந்த மனசு சரியில்லாத நாள் எப்பவாவதுன்னா பரவாயில்ல, ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் அப்படியே இருந்து தூக்கமும் சாப்பாடும் கெட்டா டாக்டரைப் பாருங்க, இல்ல டெலி மானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைனுக்கு, 14416க்கு, கூப்பிட்டு தமிழ்லயே பேசலாம், இலவசம்தான்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமை டிபன் பாக்ஸ் இருக்காது, அதனால அன்னைக்கு அலாரத்தை நம்பி வாசல் பக்கத்துல இடத்தை மட்டும் ஒழிச்சு வைங்க, திங்கள் சாயங்காலத்துல இருந்து டைரி ரூல். ஷூக்கான அலாரம் 8.45க்கு அவர் ஃபோன்ல இருக்கணும். அத நீங்க வச்சுக் குடுக்காதீங்க, அவரையே வைக்கச் சொல்லுங்க.