சம்பளப் பணம் சுற்றி வரும் கதை

கேள்வி: கம்பெனிகள் கொடுக்கிற சம்பளம்தான் அவர்களுக்கே விற்பனையாகத் திரும்புகிறது என்றால், லாபம் எங்கிருந்து வருகிறது?

வீடுகளுக்குப் போவது சம்பளம் மட்டும் இல்லை, குழப்பமே அங்கேதான். நாட்டின் எல்லா நிறுவனங்களையும் ஒரே கம்பெனியாக நினைத்துக்கொள்ளுங்கள் (அவை ஒன்றுக்கொன்று வாங்கும் மூலப்பொருள் அப்போது கணக்கில் கழிந்துவிடும்). மாத உற்பத்தி 1,00,000 ரூபாய். அதில் சம்பளம் 70,000, வாடகை 10,000, வட்டி 5,000, மிச்சம் 15,000 லாபம். முதலாளியும் ஒரு வீட்டுக்காரர்தானே, அந்த லாபமும் ஒரு வீட்டுக்குத்தான் போகிறது. ஆக எல்லா வீடுகளும் சேர்ந்து 1,00,000-ஐயும் செலவழித்தால் மொத்தச் சரக்கும் விற்றுவிடும்.

சரி, எல்லோரும் சேர்ந்து 20,000-ஐ பீரோவில் பூட்டிவிட்டால்? விற்பனை 80,000, செலவோ 85,000. முதலில் அடி வாங்குவது லாபம்தான், 5,000 கைநட்டம், அதோடு 20,000 ரூபாய் சரக்கு குடோனில் தூங்கும். அடுத்த மாதம் உற்பத்தியைக் குறைப்பார்கள், சம்பளம் குறையும், அப்புறம் விற்பனை இன்னும் இறங்கும். அதே 20,000 வங்கிக்குப் போய், யாரோ கடன் வாங்கி இயந்திரம் வாங்கினால் ஓட்டை அடைபட்டுவிடும்.

1949-இல் பில் பிலிப்ஸ் என்பவர் லண்டனில் இந்தச் சுற்றை, தொட்டிகளும் குழாய்களும் வைத்து, வண்ணத் தண்ணீரை ஓடவிட்டே காட்டினார். சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் தனித்தனிக் குழாய்.