கிரையப் பத்திர வரைவில் ஒரு இடத்தில் 'விற்கிறோம்', இன்னொரு இடத்தில் 'விற்போம்' என்று கலந்து வருகிறது. அப்படியே கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் வாங்குகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். போடாதீர்கள். விற்கிறவராக இருந்தாலும் போடாதீர்கள், நாளைக்குப் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு உங்களைத்தான் தேடி வருவார்கள்.

நான் பத்திரம் எழுதுகிறவன். என் சித்தப்பா மகன் மனை வாங்கும்போது விற்பவர் தரப்பு கொடுத்த வரைவைக் கொண்டுவந்து காட்டினான். 'முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டோம்' என்று இருந்தது, சரி. அடுத்த பத்திதான் பத்திரத்துக்கு உயிர், அதில் 'கிரையம் செய்து கொடுக்க இதன் மூலம் சம்மதிக்கிறோம்' என்றும், அதற்குக் கீழே 'சுவாதீனம் ஒப்படைப்போம்' என்றும் இருந்தது. பழைய கிரைய ஒப்பந்தத்தை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். 'சம்மதிக்கிறோம்' என்பதும் நிகழ்காலம்தானே, 'இதன் மூலம்' கூட இருக்கிறதே என்று கேட்டான். இருக்கிறது, ஆனால் அந்தக் கையெழுத்தால் நடப்பது சம்மதம் மட்டும்தான், விற்பனை இல்லை. கிரைய ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

'ஒரு வார்த்தைக்காகவா பத்திரம் செல்லாமல் போகும்' என்று வக்கீல் யாராவது கீழே வருவார். ஐயா, போகாது, முழுப் பத்திரத்தையும் படித்து நோக்கம் என்ன என்றுதான் கோர்ட்டில் பார்ப்பார்கள். ஆனால் அதைச் சொல்லவைக்க கோர்ட்டுக்குப் போகணுமே.

அதற்காக எல்லா வரியையும் ஒரே காலத்தில் எழுதச் சொல்லவில்லை. மூலப்பத்திரம் வந்த வழி, வாங்கிய பணம் எல்லாம் நடந்து முடிந்தவை, அவை இறந்தகாலத்தில். கையெழுத்தால் நடக்க வேண்டியது நிகழ்காலத்தில்: 'கிரையம் செய்து கொடுக்கிறோம், சுவாதீனத்தையும் இன்றே ஒப்படைக்கிறோம்'. இப்படித்தான் அந்த வரைவை மாற்றினோம். பின்னால் வில்லங்கம் தெரிந்தால் 'எங்கள் செலவில் தீர்த்துக் கொடுப்போம்' என்பது எதிர்காலமாகவே இருக்கலாம், அது வாக்குறுதி.

பாகப்பிரிவினையில் இதே விஷயம் வேறு மாதிரி கடிக்கும். குடும்பத்தில் முன்பே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை நினைவுக்காக எழுதிவைத்தால் அதைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, 1976இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 'இதன் மூலம் பிரித்துக்கொள்கிறோம்' என்று எழுதினால் பதிவு செய்தாக வேண்டும். உடனே சிலர் இன்றைக்குப் பிரித்துவிட்டு, பதிவுச் செலவை மிச்சம் பிடிக்க 'பிரித்துக்கொண்டோம்' என்று எழுதுகிறார்கள். அப்படியானால் அப்போதிருந்து வரி ரசீது யார் பெயரில் என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் முழிப்பார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். புரோக்கருக்கு இரண்டு சதவீதம் முகம் சுளிக்காமல் கொடுக்கிற அதே ஆட்கள், எழுத்துக்கூலி என்றதும் 'நாலு பக்கம் டைப் அடிக்க இவ்வளவா' என்கிறார்கள். அந்த நாலு பக்கத்தை வைத்துத்தான் பேங்க் கடன் வாங்குவது முதல் எல்லாமே.