லென்ஸ் கேஸும் மொட்டைமாடி டேங்க் தண்ணீரும்

கேள்வி: மதுரையில் ஹாஸ்டலில் இருக்கிறேன். சொல்யூஷனை மிச்சப்படுத்த லென்ஸ் கேஸை மட்டும் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறேன். லென்ஸில் தண்ணீர் படுவதில்லை. ஆபத்து உண்டா? ஆர்.ஓ. தண்ணீர் என்றால் சரியா?

பதில்: ஆபத்து உண்டு. ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம். இரவெல்லாம் லென்ஸ் ஊறுவது அந்தக் கேஸில்தானே.

வைகைத் தண்ணீரோ போர் தண்ணீரோ, ஹாஸ்டலில் மொட்டைமாடி டேங்கில் தங்கித்தான் குழாய்க்கு வருகிறது. அதில் அகாந்தமீபா என்ற ஒரு செல் உயிரி இருக்கக்கூடும். உங்கள் கேஸின் அடியைக் கைகழுவிய விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அது பாக்டீரியாப் படலம். இந்த அமீபாவுக்கு அதுதான் தீனி. சூழல் ஒத்துவராவிட்டால் இரட்டைச் சுவருள்ள கூடு கட்டிக்கொண்டு கிடக்கும். அந்தக் கூட்டைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் ஒன்றும் செய்யாது, லென்ஸ் சொல்யூஷனே திணறும். ஆர்.ஓ. சவ்வு அமீபாவை வடிகட்டிவிடும்தான். ஆனால் அதற்குப் பிறகு தண்ணீர் தங்கும் தொட்டியும் பிடிக்கும் குழாயும் சுத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

லென்ஸ் உரசி கருவிழியில் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறலில் அமீபா ஒட்டிக்கொள்கிறது. பிறகு கருவிழியின் நரம்புகளை ஒட்டியே பரவுகிறது. அதனால்தான் கண் லேசாகச் சிவந்திருக்கும்போதே வலி உயிர் போகும், வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. இந்தக் கட்டத்தில் பார்ப்பதற்கு ஹெர்பிஸ் வைரஸ் புண் போலவே இருப்பதால் டாக்டர்களே குழம்புவதுண்டு. மெடிக்கலில் நீங்களாக ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டால் வலி குறையும், நோய் உள்ளே இறங்கிவிடும். கருவிழியில் வெள்ளை வளையம் தெரிவதற்குப் பெரும்பாலும் சில வாரங்கள் ஆகும். எல்லோருக்கும் வளையம் வருவதும் இல்லை. அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள்.

வலி வந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கருவிழி டாக்டரிடம் போங்கள். அண்ணா நகர் அரவிந்தில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கேஸைக் கழுவாமல் லென்ஸோடு கொண்டுபோய், தண்ணீரில் கழுவியதை நீங்களே சொல்லிவிடுங்கள். வயலில் மண் தெறித்து, லென்ஸ் போடாதவர்களுக்கும் நம் நாட்டில் இது வருகிறது என்பதால், உங்கள் கதை தெரிந்தால்தான் சோதனை சரியான திசையில் போகும். புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், ஈ.கோலை பரப்பிய அகார் தட்டிலும் வைப்பார்கள். அமீபா இருந்தால் பாக்டீரியாவை மேய்ந்துபோன தடம் தட்டில் தெரியும். பிஎச்எம்பி அல்லது குளோர்ஹெக்சிடின் 0.02% சொட்டை முதலில் இரவு பகலாக மணிக்கொரு முறை விடவேண்டியிருக்கும். முழுதாக ஆற மாதக்கணக்காகும்.

வலி எதுவும் இல்லையென்றால் இன்றைக்கே அந்தக் கேஸையும் அதில் ஊறிய லென்ஸையும் தூக்கிப்போடுங்கள். புதுக் கேஸில் தினமும் பழைய சொல்யூஷனைக் கொட்டிவிட்டு, புதிய சொல்யூஷன் கொஞ்சம் விட்டு விரலால் தேய்த்து அலசி, சுத்தமான டிஷ்யூவால் துடைத்து, மூடியைத் திறந்தபடி கவிழ்த்து வையுங்கள். பாத்ரூமில் வேண்டாம். கையை சோப்பு போட்டுக் கழுவியபின் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொடவேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை கேஸை மாற்றுங்கள். மாதக் கடைசியில் சொல்யூஷன் தீர்ந்தால், வாங்கும்வரை கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.